பறக்கும் முடியிழைகளை நீக்கிக் கூந்தல் ஓரத்தைச் சீராக்குதல்: போட்டோஷாப் செய்முறை

இளஞ்சாம்பல் திரைக்கு முன் எடுத்த கருங்கூந்தல் படத்தில், தலையைச் சுற்றிப் பறக்கும் மெல்லிய இழைகளை நீக்கி, அதன்பின் ஓரத்தை அடர்த்தியாக்குவதே இங்குள்ள வேலை. வடிவங்கள் நிறைந்த பின்னணிக்கு இம்முறை பொருந்தாது.

முதலில் படத்தின் மேல் ஒரு வெற்று லேயரைச் சேர்த்து, அதன் கலப்பு முறையை Lighten என மாற்றவும். பின்னர் Clone Stamp கருவியை எடுத்து, Mode பகுதியை Normal என்றும் Sample பகுதியை Current & Below என்றும் வைக்கவும். Lighten லேயரில் பதியும் சாம்பல் நிறம், தன்னைவிட இருண்டவற்றை மட்டுமே மறைக்கும் என்பதால், கரிய இழை மறைந்துவிடும், சுற்றியுள்ள திரையோ ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

பிரஷ்ஷின் அளவு இழையைவிடச் சற்றே அகலமாக இருந்தால் போதும். Alt விசையை அழுத்தி, இழைக்கு மிக அருகில், அதே வெளிச்சமுள்ள திரைப்பகுதியில் மாதிரி எடுத்து, இழையின் நுனியிலிருந்து தலையை நோக்கி ஒரே வீச்சில் தேய்க்கவும். மாதிரி எடுத்த இடம் இருண்டிருந்தால் இழை மங்கலான நிழலாக எஞ்சும், வெளிச்சம் மிகுந்திருந்தால் வெள்ளைத் தடம் தெரியும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: மாதிரியை அடிக்கடி புதுப்பிப்பது. ஓரத்தையொட்டி Spot Healing Brush கருவியைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் அது கூந்தலின் கருமையைத் திரைக்குள் இழுத்துத் தீற்றிவிடும்.

எல்லா இழைகளையும் அழித்துவிடக் கூடாது. கத்தரித்தாற்போன்ற ஓரம் சவுரிமுடியின் தோற்றத்தையே தரும். குறுக்கும் நெடுக்குமாகப் போகும் இழைகளை நீக்கி, கூந்தல் வாரப்பட்ட திசையிலேயே செல்லும் சிலவற்றை விட்டுவைக்கவும்.

அடுத்து, உச்சியிலும் காதுக்கு மேலும் திரை தெரியும் இடைவெளிகளை நிரப்ப வேண்டும். இதற்கு இன்னொரு வெற்று லேயரைச் சேர்த்து Darken என வைத்து, பக்கத்தில் அடர்ந்திருக்கும் கூந்தலிலிருந்து மாதிரி எடுத்து, முடி ஓடும் போக்கிலேயே சிறு சிறு வீச்சாக நிரப்பவும். ஒரே இடத்து மாதிரியைத் திரும்பத் திரும்பப் பதித்தால், ஒரே வளைவு வரிசையாகத் தெரிந்து குட்டு வெளிப்பட்டுவிடும். பிறகும் ஓரம் வெட்டினாற்போல இருந்தால், Normal லேயரில் இரண்டு மூன்று பிக்சல் பிரஷ்ஷைக் கொண்டு, கூந்தலிலேயே எடுத்த நிறத்தில், உள்ளிருந்து வெளிநோக்கிச் சில இழைகளை வரையலாம். தூய கறுப்பு வேண்டாம், அது ஒட்டவைத்தாற்போல நிற்கும்.

இறுதியாக எல்லாவற்றிற்கும் மேல் ஒரு Curves லேயரைச் சேர்த்து, கோட்டை மிகச் செங்குத்தாக்கிப் பார்க்கவும். கண்ணுக்குத் தப்பிய திட்டுகளும் தடங்களும் அப்போது பளிச்செனத் தெரியும். அவற்றைச் சரிசெய்த பின் அந்த லேயரை நீக்கிவிடலாம். பொன்னிறக் கூந்தல் இருண்ட திரைக்கு முன் இருந்தால், Lighten, Darken இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ள வேண்டும்.