டீக்கடைக் கல்லாவில் பணமா, ஸ்கேனா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேருந்து நிலையத்தின் அருகே உள்ள ஒரு சிறிய டீக்கடையை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு நாளில் 15 ரூபாய் வீதம் 300 டீயும், 10 ரூபாய் வீதம் 150 வடையும் விற்றால் மொத்த வரவு 6,000 ரூபாய் ஆகும். அதில் 3,500 ரூபாய் யுபிஐ வழியாகவும் 2,500 ரூபாய் ரொக்கமாகவும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கடைக்காரர் "சில்லறைத் தொல்லை வேண்டாம், இனி ஸ்கேன் மட்டும்தான்" என்று முடிவெடுப்பதே முதல் தவறு.

வரவு கைப்பேசியில் வந்தாலும் செலவு பெரும்பாலும் கையில்தான் கேட்கப்படுகிறது. காலையில் வரும் 25 லிட்டர் பாலுக்கு 1,400 ரூபாய், வடை போட்டுத் தருபவருக்கு 900 ரூபாய், மாஸ்டரின் நாள் கூலி 900 ரூபாய் என்று 3,200 ரூபாய் அன்றன்றே வெளியே போகிறது. ரொக்க வரவே இல்லாவிட்டால் இந்தத் தொகை முழுவதையும் ஏ.டி.எம்.மில் எடுக்க வேண்டியிருக்கும். சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவருக்குத் தமது வங்கியின் ஏ.டி.எம்.மில் மாதத்துக்கு 5 முறைதான் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரையும் வரியும் பிடிக்கப்படலாம். அங்கே கிடைப்பவையும் பெரும்பாலும் 500 ரூபாய் நோட்டுகளே என்பதால் சில்லறைத் தேவை அப்படியே இருக்கும். பால்காரரும் மாஸ்டரும் ரொக்கம் கேட்டாலும், வடை போடுபவர் யுபிஐயில் வாங்கச் சம்மதித்தால், 2,300 ரூபாய்க்கு மட்டுமே ரொக்கம் தேவைப்படும். கல்லாவில் வரும் 2,500 ரூபாய் அதற்குப் போதும். ஆகவே எவ்வளவு ரொக்கம் வேண்டும் என்பதை வாடிக்கையாளரின் வசதியைக் கொண்டு மட்டுமல்லாமல், யாருக்கு எப்படிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதைக் கொண்டும் கணக்கிட வேண்டும்.

இதைவிடக் கவலை தருவது கணக்கு முடக்கம். யாரோ ஒருவர் மோசடியில் பெற்ற பணத்தால் டீ குடித்துவிட்டுப் போனால், அந்தப் பணம் வந்து சேர்ந்த கணக்கை விசாரணைக்காக வங்கி நிறுத்தி வைக்கலாம். வந்தது 30 ரூபாய்தான் என்றாலும் சில வேளைகளில் முழுக் கணக்குமே நிற்கிறது. கடைக்காரர் எந்தத் தவறும் செய்யாவிட்டாலும் அதை விடுவிக்க நாள்கள் ஆகும், அதுவரை மறுநாள் பாலுக்குப் பணம் இருக்காது. எனவே ஸ்கேன் வரவுக்கென்று தனிக் கணக்கு ஒன்றை வைத்துக்கொள்வதும், குறைந்தது இரண்டு நாள் கொள்முதலுக்கான பணத்தை அதற்கு வெளியே வைத்திருப்பதும் அவசியம். வீட்டுச் செலவும் குழந்தைகளின் பள்ளிக் கட்டணமும் இருக்கும் கணக்கையே கடையின் க்யூஆர் அட்டையுடன் இணைப்பது தவிர்க்க வேண்டிய பழக்கம்.

கூட்ட நேரத்தில் வாடிக்கையாளர் காட்டும் பச்சை டிக்கை நம்புவது அடுத்த தவறு. அதே தோற்றத்தில் போலித் திரையைக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. பணம் வந்ததற்கு நம் ஸ்பீக்கரின் அறிவிப்பும் நம் செயலியில் பதிவாகும் தொகையுமே சான்று. ஸ்பீக்கரும் சிம் இணைப்பில் இயங்குவதால் சிக்னல் இல்லாதபோது மௌனமாக இருக்கும். அப்போது செயலியில் நேரத்தையும் தொகையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பலர் பணம் செலுத்தியும் செயலியிலும் எதுவும் பதிவாகவில்லை என்றால், அட்டையின் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கலாம். காலையில் கடை திறந்ததும் வேறொரு கைப்பேசியில் ஸ்கேன் செய்து, தோன்றுவது நம் பெயர்தானா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. பணத்தை வாங்குவதற்கு யுபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை என்பதைக் கல்லாவில் உட்காருபவர் எவரும் அறிந்திருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவை வைத்துச் சிறு கடைகளுக்கு வணிக வரி நோட்டீஸ்கள் வந்தபோது, பெங்களூரில் பல கடைகள் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ரொக்கம் மட்டும் வாங்கத் தொடங்கின. ஆனால் ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு மொத்த விற்பனையைப் பொறுத்தது. பணம் எந்த வழியில் வந்தது என்பது அதை மாற்றாது. டீயும் வடையும் தயாரித்துப் பரிமாறும் கடை உணவக சேவையில் வருவதால் தமிழ்நாட்டில் அதன் வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய். மேலே சொன்ன கடை 350 நாள் திறந்திருந்தால் விற்பனை 21 லட்சத்தை எட்டிவிடும். அப்படிப்பட்டவர்கள் அட்டையைக் கழற்றுவதற்குப் பதில் கணக்கரிடம் பேசி, விற்பனையில் 5 சதவீதத்தை வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டம் தமக்குப் பொருந்துமா என்று பார்ப்பது நல்லது.

இரண்டு வழியிலும் வாங்கும் கடையில் கணக்கு எளிதில் குழம்பும். கல்லாவிலிருந்து மாஸ்டருக்கு முன்பணம் கொடுத்து அதை எழுத மறந்தால், இரவில் ஏற்படும் குறைவை யுபிஐ மேல் போட்டுவிடத் தோன்றும். இரவு கடை மூடும்போது கல்லாவில் உள்ள ரொக்கம், அதிலிருந்து கொடுத்த செலவுகள், செயலியின் அன்றைய மொத்தம் ஆகிய மூன்றையும் கூட்டி, காலையில் வைத்த சில்லறையைக் கழித்தால் அன்றைய விற்பனை தெரிந்துவிடும். ஒரு டீக்குச் சுமார் 80 மில்லி பால் என்று கொண்டால் 25 லிட்டருக்கு 300 டீக்குச் சற்று மேல் வர வேண்டும். தொகை அதோடு பெரிதும் ஒத்துப்போகாத நாளில், தேடலை அன்றே தொடங்கிவிடலாம். மறுநாள் காலைக்கு 5, 10, 20 ரூபாயாகச் சுமார் 500 ரூபாய் சில்லறையைத் தனி டப்பாவில் எடுத்து வைத்துவிட்டு மீதியை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். சிலர் வாங்க மறுக்கும் 10 ரூபாய் நாணயங்கள் அனைத்தும் செல்லுபடியானவை என்று ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியிருக்கிறது. அவற்றை ஒதுக்கும் கடை, கையிலுள்ள சில்லறையைத் தானே குறைத்துக்கொள்கிறது.