பிரிட்டன் வேலையிடத்தில் பட்டப்பெயர் வைத்தால் சிரித்து மழுப்பாதீர்கள்

நேஷனல் இன்சூரன்ஸ் எண், வங்கிக் கணக்கு, ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதிவு எல்லாம் வந்த புதிதிலேயே முடிந்துவிடும். யாரும் முன்கூட்டிச் சொல்லித்தராதது 'பான்டர்'. இங்கே வேலையிடத்தில் ஒருவரையொருவர் வாருவது அன்றாடம். உங்கள் கால்பந்து அணி தோற்றாலும், உங்கள் டீ தண்ணியாக இருந்தாலும் கிண்டல்தான். அது எல்லோர் மேலும் மாறி மாறி விழும், நீங்களும் திருப்பி அடிக்கலாம். உங்கள் மேல் மட்டும், அதுவும் உங்கள் நிறம், ஊர், சாப்பாடு, பேச்சைக் குறிவைத்தே விழுந்தால் அது வேறு சங்கதி.

லெஸ்டர் பக்கம் ஒரு கிடங்கில் வேலை பார்த்த என் நண்பனுக்கு 'கறி' என்று பெயர் வைத்தார்கள். திருநெல்வேலிக்காரன், பெரியவர் முகத்தை முறிக்காமல் வளர்ந்தவன். ஒவ்வொரு முறையும் பல்லைக் காட்டினான். வாட்ஸ்அப் குழுவில் சிரிப்புப் பொம்மை போட்டான். பொறுக்கமாட்டாமல் புகார் கொடுத்தபோது மேனேஜர் அந்தப் பொம்மைகளையே எடுத்துக் காட்டி, "நீயும் ரசித்தாயே?" என்றார். எனக்கு இன்னமும் எரிகிறது.

சட்டம் அவன் பக்கம்தான் இருந்தது. 2010 சமத்துவச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, இனம் தொடர்பான விரும்பத்தகாத நடத்தை ஒருவரின் கண்ணியத்தைக் குலைத்தால் அது துன்புறுத்தல். நோக்கம் கெட்டதாக இருக்கவேண்டிய அவசியமில்லை. முன்பே மறுப்புச் சொல்லாததால் மட்டும் வழக்கு விழாது. ஆனால் 'விரும்பவில்லை' என்று காட்ட அவன் கையில் ஒரு காகிதம்கூட இல்லை. யார்க்‌ஷர் கிரிக்கெட் கிளப்பில் இந்திய வீரர் புஜாராவையே 'ஸ்டீவ்' என்று கூப்பிட்டார்கள். அதே கிளப்பில் ஆடிய அசீம் ரஃபீக் 2021இல் நாடாளுமன்றக் குழு முன் பேசிய பிறகு இதெல்லாம் நாடே பேசும் விவகாரமானது.

ஆகவே முதல் தடவையோ இரண்டாம் தடவையோ, அப்படிக் கூப்பிட்டவரைத் தனியே பிடித்து, சிரிக்காமல், குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள்: "ப்ளீஸ் டோன்ட் கால் மீ தட். மை நேம் இஸ் முருகன்." அதோடு நிறுத்துங்கள். முன்னால் 'சாரி' வேண்டாம், பின்னால் 'நோ ப்ராப்ளம்' வேண்டாம். நம் வாய்க்கு இரண்டும் தானாக வந்துவிடும். "இட்ஸ் ஒன்லி பான்டர்" என்பார்கள். "நாட் ஃபார் மீ" என்றால் போதும். பதிலுக்கு அவர் தொப்பையையோ மனைவியையோ இழுத்தால், புகார் உங்கள் மேல் திரும்பும்.

அன்றைக்கே தேதி, சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் யார் என்று உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு எழுதி அனுப்பிக்கொள்ளுங்கள். மறுபடி நடந்தால் மேனேஜருக்கு எழுத்தில் கொடுங்கள். அவரே அந்தக் கிண்டல் கூட்டத்தில் ஒருவர் என்றால் ஹெச்ஆருக்கு. அங்கும் அசையாவிட்டால் 'கிரீவன்ஸ்' என்னும் எழுத்துபூர்வ முறையான புகார். வேலை வழக்குகளை விசாரிக்கும் ட்ரிப்யூனலுக்குப் போகும் கெடு மாதக் கணக்கில்தான். கம்பெனி விசாரணை இழுக்கிறது என்பதற்காக அது நிற்காது. அதனால் கிரீவன்ஸ் கொடுக்கும் வாரத்திலேயே வேலைத் தகராறுகளுக்கு ஆலோசனை தரும் ஏகாஸ் அமைப்பின் உதவி எண்ணுக்குப் பேசி, உங்கள் கெடு எந்தத் தேதி என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது.