முதல் லாங் கேஸ் தயார் செய்வது எப்படி: ஒரு மைட்ரல் ஸ்டெனோசிஸ் நோயாளியை வைத்து

எம்.டி. பொது மருத்துவம் சேர்ந்த புதிதில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுண்டு. ஹிஸ்டரி, பொதுப் பரிசோதனை, சிஸ்டம் பரிசோதனை என்று படிவம் நிரப்புவதுபோல் எழுதிக்கொண்டு போய் வார்டில் அப்படியே வாசிப்பார்கள். பத்து நிமிடம் கேட்ட பிறகும் எதிரே நிற்பவருக்கு நோய் என்னவென்று பிடிபடாது. ஹிஸ்டரி முடியும்போதே கேட்பவர் நோயை ஊகித்திருக்க வேண்டும். அதற்கு எப்படித் தயாராவது என்று ஒரே ஒரு நோயாளியை வைத்துச் சொல்கிறேன். வயது 34, வயல் வேலை செய்யும் பெண், இரண்டு குழந்தைகளுக்குத் தாய். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

படி 1: நோயாளியின் சொல்லுக்குப் பொருள் கேளுங்கள்

அவர் சொன்ன முதல் வாக்கியம், "ரெண்டு வருசமா இளைப்பா இருக்குங்க." இதை மூச்சுத்திணறல் என்று உடனே எழுதிவிடாதீர்கள். நம் ஊரில் இளைப்பு என்றால் மூச்சு வாங்குவதாக இருக்கலாம், ஆஸ்துமாக்காரரின் வீசிங்காக இருக்கலாம், உடம்பு மெலிந்து போனதாகவும் இருக்கலாம். "எப்பம்மா இளைக்குது? சத்தம் வருதா?" என்று கேட்டேன். "நாத்துக்கட்டைத் தூக்கிட்டு வரப்பு ஏறினா வாங்குது. இப்போ கொல்லைக்குப் போயிட்டு வந்தாலே வாங்குது. சத்தமெல்லாம் இல்லீங்க" என்றார். வேலை செய்யும்போது வரும் மூச்சுத்திணறல், இரண்டாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புக்குப் போயிருக்கிறது என்று இப்போது உறுதியாக எழுதலாம்.

மயக்கமும் அப்படித்தான். தலைசுற்றலையும் மயக்கம் என்பார்கள், நினைவு தப்பி விழுந்ததையும் மயக்கம் என்பார்கள். விழுந்தாரா, அடிபட்டதா, பக்கத்தில் இருந்தவர் என்ன பார்த்தார் என்று கேட்காமல் சின்கோப் என்று எழுதக் கூடாது. இவருக்குத் தலைசுற்றல்தான்.

படி 2: முதலில் வந்ததை முதலில் வையுங்கள்

அட்மிஷன் சீட்டில் "கால் வீக்கம் 2 வாரம்" என்றுதான் இருந்தது. அதில் தொடங்கினால் கேட்பவர் சிறுநீரகம், கல்லீரல் என்று அலைவார். கால வரிசையில் வைத்துப் பாருங்கள். வேலை செய்தால் மூச்சுத்திணறல் 2 வருடம், படபடப்பு 3 மாதம், கால் வீக்கம் 2 வாரம். இப்போது ஒரு இதய நோயின் பாதை தெரிகிறது.

இன்னும் பின்னால் போனால் மேலும் தெளிவாகும். ஐந்து வருடத்துக்கு முன் இரண்டாவது பிரசவத்தில், ஏழாம் மாதம் முதல் தடவை மூச்சு வாங்கி மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். கர்ப்பத்தில் ரத்த அளவு கூடும், இதயத் துடிப்பு வேகமாகும். டயஸ்டோல் நேரம் குறைந்தால் குறுகிய வால்வு வழியாக ரத்தம் இறங்க அவகாசம் போதாது; இடது ஏட்ரியத்தில் அழுத்தம் ஏறி நுரையீரலில் நீர் கோக்கும். மூன்று மாதத்துக்கு முன் படபடப்பு தொடங்கியதும் நோய் முற்றியதற்கும் இதே காரணம்தான், ஏட்ரியத்தின் கடைசி உந்துதலும் போய்விட்டது என்பது கூடுதல். இந்த இரண்டு நிகழ்வையும் காரணத்தோடு சொன்னால் ஹிஸ்டரியிலேயே பாதி மதிப்பெண் வந்துவிடும்.

"சின்ன வயசுல மூட்டு வலி வந்துதா?" என்ற கேள்விக்கு இல்லை என்றார். ருமாட்டிக் நோயாளிகள் பலர் இல்லை என்றுதான் சொல்வார்கள். "மூணு வாரத்துக்கு ஒருதரம் இடுப்புல ஊசி போட்டாங்களா?" என்று கேட்டதும், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கொஞ்ச நாள் போட்டதாகவும் அப்புறம் விட்டுவிட்டதாகவும் சொன்னார். அது பென்சதைன் பெனிசிலினாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இல்லை என்று சொல்ல வேண்டியவற்றில் நோயோடு தொடர்புள்ளவை மட்டும் போதும். காய்ச்சல் இல்லை, ரத்தம் துப்பவில்லை, கை கால் செயலிழப்போ பேச்சுக் குழறலோ வரவில்லை. முதலாவது எண்டோகார்டைடிஸுக்கு, கடைசி ரத்தக்கட்டி அடைப்புக்கு. ஒவ்வொன்றையும் எதற்காகக் கேட்டீர்கள் என்று திருப்பிக் கேட்பார்கள்.

படி 3: கண்டவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா?

இந்தப் படியில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். நானும் மாட்டியிருக்கிறேன். முதலாண்டில் இதே நோயுள்ள ஒருவரை பிரசென்ட் செய்தபோது, நாடி ஒழுங்கே இல்லாமல் துடிக்கிறது என்று சொல்லிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து "ப்ரீசிஸ்டாலிக் அக்சென்சுவேஷனோடு மிட் டயஸ்டாலிக் மர்மர்" என்றேன். புத்தகத்தில் இருந்த வரி அது. சீஃப் நிறுத்தி, "நாடியை மறுபடி பிடிச்சுப் பாருப்பா" என்றார். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் ஏட்ரியம் சுருங்குவதில்லை. அந்தச் சுருக்கத்தால் வரும் ஒலி மட்டும் எப்படிக் கேட்கும்? கேட்காததைச் சொல்லியிருந்தேன்.

அதனால் குறிப்பை முடித்ததும் நாடியில் தொடங்கி கீழே வரை ஒத்துப்பாருங்கள். இவருக்கு ஸ்டெத்தை வைத்து இதய நுனியில் ஒருவர் எண்ண, மணிக்கட்டில் இன்னொருவர் எண்ண, ஒரு முழு நிமிடத்தில் 112, 90 என்று வந்தது. 22 வித்தியாசம், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்தான். அப்படியானால் கழுத்து சிரையில் 'ஏ' அலை இருக்கக் கூடாது. முதல் இதய ஒலியின் உரப்பு துடிப்புக்குத் துடிப்பு மாறும். ரத்த அழுத்தத்தை ஒரே தடவை பார்த்து எழுதக் கூடாது, மூன்று தடவை பார்த்துச் சராசரி சொல்ல வேண்டும்.

மர்மர் கேட்கவில்லை என்று சிலர் சோர்ந்துவிடுவார்கள். நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். இதய நுனி தட்டும் இடத்தை விரலால் கண்டுபிடித்து, அங்கே பெல்லை லேசாக வையுங்கள். அழுத்தினால் தாழ்ந்த ஒலி போய்விடும். மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லுங்கள். அப்படியும் கேட்காவிட்டால் பத்து தடவை எழுந்து உட்காரச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் இவரிடம் அதைச் செய்ய வேண்டாம்.

படி 4: டயக்னோசிஸை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"மைட்ரல் ஸ்டெனோசிஸ்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் போதாது. காரணம், வால்வு, தீவிரம், ரிதம், பின்விளைவு, செயல்திறன் எல்லாம் வர வேண்டும். இவருக்கு நான் எழுதியது: ருமாட்டிக் இதய நோய், தீவிர மைட்ரல் ஸ்டெனோசிஸ், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், நுரையீரல் தமனி அழுத்த உயர்வு, வலப்பக்க இதயச் செயலிழப்பு, மூன்றாம் வகுப்பு, எண்டோகார்டைடிஸ், எம்பாலிசம் அறிகுறி தற்போது இல்லை. தீவிரம் என்றதற்கு ஆதாரம் கேட்பார்கள். மர்மர் நீளமாக இருந்தது, இரண்டாம் ஒலிக்கும் ஓப்பனிங் ஸ்நாப்புக்கும் இடைவெளி குறுகலாக இருந்தது என்று சொல்லுங்கள். மர்மரின் உரப்பைச் சொல்லாதீர்கள், அது தீவிரத்தைக் காட்டாது.

படி 5: அடுத்து வரும் மூன்று கேள்விகள்

எக்கோவில் என்ன பார்ப்பீர்கள்? வால்வின் பரப்பு 1.5 சதுர செ.மீ. அல்லது குறைவு என்றால் தீவிரம். கூடவே இடது ஏட்ரியத்தில் ரத்தக்கட்டி, மைட்ரல் கசிவின் அளவு. பலூன் சிகிச்சை செய்யலாமா என்பதைத் தீர்மானிப்பவற்றில் இந்த இரண்டும் முக்கியமானவை.

ரத்தக்கட்டி தடுப்புக்கு எந்த மருந்து? ஸ்கோர் போட்டுப் பார்க்கத் தேவையில்லை. இந்த வால்வு நோயோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தாலே மருந்து வேண்டும். வார்ஃபரின் என்று சொல்லுங்கள். 2022-இல் வந்த இன்விக்டஸ் ஆய்வில், ருமாட்டிக் நோயாளிகளிடம் ரிவரோக்ஸபானைவிட வார்ஃபரின் வகை மருந்து கொடுத்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது.

பெனிசிலின் ஊசியை மறுபடி தொடங்க வேண்டுமா? வேண்டும். 34 வயது, வால்வு ஏற்கெனவே கெட்டிருக்கிறது. குறைந்தது நாற்பது வயது வரை போட வேண்டும்.

படி 6: காலையில் மறுபடி போய்ப் பாருங்கள்

ராத்திரி எழுதிய குறிப்போடு நேரே ரவுண்டுக்குப் போகாதீர்கள். ஃப்ரூசமைடும் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையும் கொடுத்திருப்பார்கள். இவருக்கு மறுநாள் கால் வீக்கம் பாதி வடிந்திருந்தது, இதயத் துடிப்பு 84-க்கு இறங்கியிருந்தது, நேற்று மங்கலாகக் கேட்ட மர்மர் நீண்டு தெளிவாகக் கேட்டது. சேர்க்கும்போது இப்படி, இன்று காலை ஏழு மணிக்கு இப்படி என்று இரண்டையும் தனித்தனியே சொல்லுங்கள். எக்ஸாமினர் உங்களுக்குப் பிறகு அதே காலை அழுத்திப் பார்க்கப் போகிறார்.