பாசிவ் வாய்ஸ்: ‘பி’ எங்கே, ‘பீன்’ எங்கே?

ஆங்கில பாசிவ் வாய்ஸுக்கு டென்ஸ்வாரியாக ஒரு அட்டவணையை உருப்போட்டவர்கள், பரீட்சை ஹாலில் ஒரு வரிசையை இன்னொன்றோடு மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். அட்டவணைக்கு அடியில் இருப்பது ஒரே விதிதான். ஆக்டிவ் வாக்கியத்தில் முக்கிய வினை எந்த வடிவத்தில் இருக்கிறதோ, அந்த வடிவத்தை ‘பி’ என்ற துணைவினை எடுத்துக்கொள்ளும். முக்கிய வினை வி3 ஆகிவிடும். நிகழ்காலம் என்றால் ‘ஆம்’, ‘இஸ்’ அல்லது ‘ஆர்’, இறந்தகாலம் என்றால் ‘வாஸ்’ அல்லது ‘வேர்’, ‘இங்’ இருந்தால் ‘பீயிங்’.

பிரசென்ட் பெர்ஃபெக்டில்தான் அதிகம் சறுக்குகிறது.

```
The clerk has sent the letters.
The letters have been sent by the clerk.
```

ஆக்டிவில் ‘செண்ட்’ வி3 வடிவத்தில் இருக்கிறது. ஆகவே ‘பி’யும் தன் வி3 வடிவமான ‘பீன்’ ஆகிறது. இதில் முதல் தவறு, ‘ஹேஸ்’ஸை அப்படியே இறக்கி வைப்பது. கிளார்க் ஒருவர், கடிதங்களோ பல. எழுவாய் மாறியதும் அதுவும் ‘ஹேவ்’ ஆக வேண்டும். இரண்டாவது, ‘பீன்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘பீயிங்’ எழுதுவது. வேகமாகப் பேசும்போது இரண்டும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் பெர்ஃபெக்ட் ‘ஹேவ்’வுக்கு நேர் அடுத்து ‘பீயிங்’ வரவே வராது. மூன்றாவது, ‘பீன்’ஐ விட்டுவிடுவது. அப்போது கடிதங்களே எதையோ அனுப்பின என்று அர்த்தமாகிவிடும்!

மோடல் வினைகளில் அதே விதி இன்னும் சுலபம்.

```
You must sign the form.
The form must be signed.
```

‘மஸ்ட்’டுக்குப் பின் வினை மூல வடிவத்தில் நிற்கிறது, அதனால் ‘பி’யும் மாறாமல் நிற்கிறது. படிவம் ஒன்றானாலும் நூறானாலும் ‘மஸ்ட் பி’தான். ‘பி’யை விட்டுவிட்டு ‘மஸ்ட் சைன்ட்’ என்று எழுதுவதும், ‘பி’யைப் போட்ட நிம்மதியில் வி3-ஐ மறந்து ‘மஸ்ட் பி சைன்’ என்று எழுதுவதும் சகஜம். ‘யூ’, ‘பீப்பிள்’ மாதிரி பொதுவான எழுவாயாக இருந்தால் ‘பை’ சேர்க்காமல் விடுவதே நல்லது. சரி, ‘ஷுட் ஹேவ் செண்ட்’ வந்தால்? மோடல் இருக்கிறதே என்று ‘பி’ போடக் கூடாது. வி3 எங்கே இருக்கிறது என்று பாருங்கள், ‘ஹேவ்’வுக்குப் பிறகு. அப்போது ‘ஷுட் ஹேவ் பீன் செண்ட்’.

மாற்றத் தொடங்கும் முன் செயப்படுபொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘ஹேப்பன்’, ‘அரைவ்’ போன்றவற்றுக்கு அது கிடையாது, பாசிவும் கிடையாது. ஆனாலும் ‘விபத்து நடந்தது’ என்பதற்கு ‘வாஸ் ஹேப்பன்ட்’ என்று எழுதுபவர்கள் நம்மில் ஏராளம். ‘ஹேஸ் பீன் செண்டிங்’ போன்ற தொடர் பெர்ஃபெக்ட் வாக்கியங்களை விதிப்படி மாற்றினால் ‘ஹேஸ் பீன் பீயிங் செண்ட்’ என்று வரும். அதை நடைமுறையில் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை, ஆக்டிவிலேயே விட்டுவிடலாம்.