சொன்ன திகதி போயிற்று, பதில் இல்லை: நேர்முகத்துக்குப் பிறகு எப்படிக் கேட்டு எழுதுவது?

"14ஆம் திகதி வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிருவம்" என்றுதான் மனிதவள உத்தியோகத்தர் என்னை அனுப்பிவைத்தார். மட்டக்களப்பு நகரில் ஒரு தொண்டு நிறுவனம், கள உத்தியோகத்தர் வேலை. வெள்ளி போனது, சத்தமே இல்லை. சனிக்கிழமை காலையே ஒரு மின்னஞ்சல் போட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரம் எழுதியதற்கு அன்று பின்னேரமே வந்தது. இரண்டுக்கும் இடையில் நான் மாற்றியவை இவை.

1. நாளை எண்ணுங்கள்

சொன்ன திகதிக்குப் பிறகு இரண்டு முழு வேலை நாட்கள் விடுங்கள். எனக்கு வெள்ளி கெடு. திங்கள் போயா, கணக்கில் இல்லை. செவ்வாய், புதன் விட்டு வியாழன் காலை அனுப்பினேன். வெள்ளி மத்தியானம் வேண்டாம். காத்தான்குடி, கல்முனைப் பக்கம் ஜும்மா நேரம்; மற்ற இடங்களிலும் வார இறுதிக்குள் உங்கள் கடிதம் கீழே போய்விடும்.

2. பழைய கடிதத்துக்கே பதில் போடுங்கள்

நேர்முகத்துக்கு அழைத்த மின்னஞ்சலைத் திறந்து அதற்கே பதில் எழுதுங்கள். நீங்கள் யார், எந்தப் பதவி, எப்போது வந்தீர்கள் என்பதெல்லாம் கீழேயே இருக்கும். அழைப்பில் அலுவலகப் பொது முகவரியும் இருந்தால் அதையும் விடாமல் சேருங்கள். எழுதியவர் லீவில் இருந்தாலும் வேறொருவர் பார்ப்பார்.

3. முடிவைக் கேட்காதீர்கள், திகதியைக் கேளுங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். என் முதல் கடிதத்தில் "நான் தெரிவாகிவிட்டேனா என்று அறியத்தரவும்" என்று எழுதியிருந்தேன். அதற்கு அந்த உத்தியோகத்தரால் பதில் சொல்லவே முடியாது. முதல் இடத்தில் வந்தவருக்கு வேலையைச் சொல்லிவிட்டு அவர் சம்மதத்துக்குக் காத்திருக்கலாம். நிதி தருபவர்களின் ஒப்புதல் வராமல் இருக்கலாம். பணிப்பாளர் கையெழுத்து வைக்காமல் இருக்கலாம். 'ஆம்' என்றாலும் 'இல்லை' என்றாலும் அவருக்குப் பிரச்சினை. அதனால் பேசாமல் இருந்துவிடுகிறார். ஆனால் 'அடுத்த வாரம் தெரியும்' என்று சொல்ல அவருக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இரண்டாவது முறை எழுதியது இது:

> மதிப்பிற்குரிய அம்மணி,
>
> கள உத்தியோகத்தர் பதவிக்காக 4ஆம் திகதி நடந்த நேர்முகப் பரீட்சைக்கு வந்திருந்தேன். முடிவு 14ஆம் திகதியளவில் தெரியவரும் எனக் கூறியிருந்தீர்கள். தெரிவு இன்னும் நடைபெறுவதாயின், எப்போதளவில் முடிவை எதிர்பார்க்கலாம் என அறியத்தர முடியுமா? என்னிடமிருந்து மேலதிக ஆவணம் ஏதும் தேவையெனில் உடன் அனுப்புகிறேன்.
>
> நன்றி.

கீழே பெயரும் தொலைபேசி இலக்கமும். "இன்னும் நடைபெறுவதாயின்" என்ற சொல்லைக் கவனியுங்கள். சொன்னபடி செய்யவில்லை என்று குற்றம் சாட்டாமல், தாமதத்துக்கு ஒரு காரணம் இருக்கும் என்று அது இடம் விடுகிறது. "பல நாட்களாகக் காத்திருக்கிறேன்" என்ற வரியைச் சேர்த்தால் அந்த இடம் அடைபட்டுவிடும். வந்த பதில் ஒரே வரி: ஒப்புதல் தாமதம், 28ஆம் திகதிக்குள் அறிவிப்போம். அதன் பிறகு நான் தினமும் போனைப் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை.

அவர்கள் ஆங்கிலத்தில் அழைத்திருந்தால் இதே நான்கு வரியை ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

4. தட்டச்சு

பாமினியில் அடித்து ஒட்டாதீர்கள். மறுபக்கம் அந்த எழுத்துரு இல்லையென்றால் 'வணக்கம்' என்பது `tzf;fk;` என்று தெரியும். ஒருங்குறியில் அடியுங்கள். எனக்குப் பிடித்த வழி, போனில் குறிப்பேட்டில் இரவே எழுதி வைத்து, காலையில் ஒருமுறை வாசித்துவிட்டு, ஜிமெயிலின் `Schedule send` மூலம் 8.45க்கு அனுப்புவது. இரவு 11 மணிக்கு எழுதிய வேகத்தில் அனுப்பியதாக இருக்காது.

5. அதற்கும் பதில் இல்லையென்றால்

ஐந்து வேலை நாட்கள் கழித்து அலுவலக இலக்கத்துக்கு ஒரே ஒரு தடவை, காலை 10 மணிக்குப் பிறகு பேசுங்கள். கேட்பது அதே திகதிக் கேள்விதான். அதற்கும் மறுமொழி இல்லையென்றால் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுங்கள். மூன்றாவது கடிதத்தால் எதுவும் நகர்ந்ததை நான் பார்க்கவில்லை.

பிற்சேர்க்கை: இதை வாசித்த அக்கரைப்பற்றுத் தம்பி ஒருவர், உத்தியோகத்தரின் சொந்த வட்ஸ்அப் இலக்கம் இருக்கிறது, அதில் கேட்கலாமா என்றார். அவரே அதில் உங்களுக்கு எழுதியிருந்தால் மட்டும் கேளுங்கள். நேரம் பார்த்து, குரல்பதிவு இல்லாமல்.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு அக்கா கேட்டது அரச நியமனம் பற்றி. அங்கே இந்தக் கடிதம் போதாது. விண்ணப்ப இலக்கத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தகவல் அலுவலரிடம் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்று அவர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும்.

வேறு இடத்தில் வேலை கிடைத்திருந்தால் மட்டும் கடிதத்தில் ஒரு வரி கூடும்: "வேறொரு நிறுவனத்துக்கு 25ஆம் திகதிக்குள் பதில் சொல்ல வேண்டியுள்ளது, அதற்கு முன் உங்கள் நிலை தெரிந்தால் உதவியாக இருக்கும்." உண்மையாகக் கிடைத்திருந்தால் மட்டுமே இதை எழுதுங்கள். "அப்படியானால் அங்கேயே போங்கள்" என்று பதில் வந்தால் போவதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும்.