புது அட்டெண்டன்ஸ் விதியை ஊழியர்களுக்கு எழுதிப் புரியவைப்பது எப்படி?

சின்ன அலுவலகத்தில் சம்பளக் கணக்கு பார்ப்பவருக்கு ஒரு நாள் திடீரென்று இந்த வேலை வந்து சேரும். "லேட், லீவு விதியை மாத்தியாச்சு, எல்லாருக்கும் ஒரு நோட்டீஸ் போட்டுடுங்க" என்று முதலாளி சொல்லிவிட்டுப் போய்விடுவார். முதல்முறை எழுதும்போது விதியை அப்படியே டைப் செய்து போர்டில் ஒட்டுவதுதான் பலரும் செய்வது, நானும் அப்படித்தான் செய்தேன். அந்த மாதச் சம்பளம் போட்ட அன்று என் மேசை முன்னால் வரிசை நின்றது. ஒருவருக்கும் தன் பிடித்தம் எப்படி வந்தது என்று தெரியவில்லை. ஊழியர் தன் வருகை நேரத்தை வைத்துத் தானே கணக்குப் போட்டு, நீங்கள் போட்ட அதே தொகைக்கு வந்துவிட்டால் நோட்டீஸ் சரியாக எழுதப்பட்டிருக்கிறது.

ஒரு உதாரணத்தை வைத்தே போவோம். முப்பது பேர் இருக்கும் மொத்த விற்பனை அலுவலகம், காலை 9:30 முதல் மாலை 6:30 வரை வேலை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு, ஞாயிறு விடுமுறை. பழைய விதிப்படி 9:45 வரை வரலாம், அதற்கு மேல் மூன்று லேட் ஆனால் அரை நாள் சம்பளம் போகும். லீவுக்கு நடுவில் ஞாயிறு வந்தால் அதுவும் லீவுதான். புது விதியில் 9:40 வரைதான் சலுகை, மாதம் முதல் மூன்று லேட்டுக்குப் பிடித்தம் இல்லை, நான்காவதிலிருந்து தாமதமான நிமிடங்களுக்கு மட்டும் பிடித்தம். நடுவில் வரும் ஞாயிறு இனி லீவில் சேராது.

முதல் படி: தேதியை முடிவு செய்யுங்கள்

முதலாளி "ஜூலை 1" என்பார். உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் அட்டெண்டன்ஸ் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எடுக்கப்படுகிறது என்று பாருங்கள். 1ஆம் தேதி சம்பளம் போடும் பல இடங்களில் 26 முதல் அடுத்த 25 வரைதான் ஒரு மாதக் கணக்கு. அங்கே ஜூலை 1 என்று வைத்தால், ஒரே சம்பளச் சீட்டில் முதல் ஐந்து நாள் பழைய விதிக்கும் மீதி நாட்கள் புது விதிக்கும் போய்விடும், லேட் எண்ணிக்கையை இரண்டாகப் பிரிக்க வேண்டிவரும். அதனால் 26.06.2026, வெள்ளிக்கிழமை என்று கிழமையோடு எழுதுங்கள். "அடுத்த மாதம் முதல்" என்று மட்டும் எழுதவே கூடாது.

வேலை நேரம், சம்பளத்தோடு கூடிய விடுப்பு போன்றவற்றைத் தொழிலாளருக்குப் பாதகமாக மாற்றினால் 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்கச் சொல்கிறது தொழிலுறவுச் சட்டம். நோட்டீஸை ஜூன் 1ஆம் தேதியே கொடுத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

இரண்டாம் படி: பிடித்தம் சட்டத்துக்குள் இருக்கிறதா?

இதைச் சட்டென்று தாண்டிப் போய்விடாதீர்கள். வேலைக்கு வராத நேரத்துக்கு எவ்வளவு சம்பளமோ, அதற்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது ஊதியச் சட்டத்தின் பொது விதி. மூன்று நாள் இருபது நிமிடம் தாமதமாக வந்தவருக்கு அரை நாள் பிடிப்பது இதில் நேரடியாக இடிக்கும். எத்தனையோ அலுவலகங்களில் பல வருடமாக அப்படித்தான் நடக்கிறது, அதனாலேயே அது சரியாகிவிடாது. லீவு நாட்களையும் ஒரு பார்வை பாருங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி வருடத்துக்குத் தற்செயல் விடுப்பு 12 நாள், உடல்நலக் குறைவுக்கு 12 நாள், ஒரு வருடம் முடித்தவருக்கு மேலும் 12 நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. புது விதி இதற்குக் கீழே இறங்கக் கூடாது. தொழிற்சாலைக்கு வேறு கணக்கு.

மூன்றாம் படி: எல்லைக்கோட்டை எழுதுங்கள்

சண்டை வருவது எப்போதும் எல்லையில்தான். "9:40 வரை" என்றால் 9:40 மணி 20 நொடிக்கு விரல் வைத்தவர் லேட்டா? சில மென்பொருள் நொடியையும் பார்த்து லேட் போட்டுவிடும், ஆனால் ரிப்போர்ட்டில் 9:40 என்று மட்டும்தான் காட்டும், ஊழியர் அதைப் பார்த்துவிட்டு ஏமாற்றுகிறார்கள் என்று நினைப்பார். அதனால் "9:41 முதல் லேட்" என்று எழுதுங்கள், மெஷினிலும் அப்படியே வைத்துவிட்டு ஒருமுறை நீங்களே 9:40க்கு விரல் வைத்துப் பாருங்கள். அப்புறம், நிமிடங்களை எங்கிருந்து எண்ணுவது? 9:30லிருந்தா, 9:40லிருந்தா? நம் உதாரணத்தில் 9:30லிருந்து. இதை எழுதாவிட்டால் ஒவ்வொருவரும் ஒரு விடை கொண்டுவருவார்கள்.

நான்காம் படி: கணக்குப் போட்டுக் காட்டுங்கள்

சம்பளம் 15,600 ரூபாய், 26 நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு 600. எட்டு மணி நேரம் என்றால் 480 நிமிடம், ஆக ஒரு நிமிடத்துக்கு 1.25 ரூபாய். இந்த 26ஐயும் 480ஐயும் நோட்டீஸிலேயே போடுங்கள், அவரவர் சம்பளத்துக்கு அவரவர் போட்டுக்கொள்வார்கள்.

முதல் உதாரணம், பில்லிங்கில் இருக்கும் ஒருவர். ஒரு மாதத்தில் அவர் தாமதமான நாட்களில் வந்த நேரம், தேதி வரிசைப்படி: 9:40, 9:48, 9:52, 9:47, 9:55, 10:02. இதில் 9:40 லேட்டே இல்லை. அடுத்த மூன்றுக்கும் பிடித்தம் இல்லை. 9:55க்கு 25 நிமிடம், 10:02க்கு 32 நிமிடம், மொத்தம் 57 நிமிடம், 57 × 1.25 = 71.25 ரூபாய். பழைய விதியில் இவருக்கு 300 ரூபாய் போயிருக்கும்.

இரண்டாவது, விதியால் நஷ்டப்படுகிறவர். இந்த உதாரணத்தை நோட்டீஸில் மறைத்துவிடத்தான் எல்லாருக்கும் தோன்றும், தயவுசெய்து மறைக்காதீர்கள். பஸ் வரும் நேரத்தால் ஒருவர் தினமும் 9:43க்குத்தான் வர முடிகிறது. பழைய விதியில் அவர் ஒரு நாளும் லேட் இல்லை. புது விதியில் 26 நாளும் லேட், மூன்று போக 23 நாள், நாளுக்கு 13 நிமிடம், மொத்தம் 299 நிமிடம், 373.75 ரூபாய். போன இரண்டு மாத வருகைப் பதிவை எடுத்துப் புது விதியில் ஓட்டிப் பார்த்தால் இப்படிப்பட்டவர்கள் யார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன்பே அவர்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். 10 முதல் 7 வரை என்று நேரம் மாற்றித் தர முடியுமா என்று முதலாளியிடம் கேட்டு வைத்துக்கொண்டு பேசினால் இன்னும் நல்லது.

மூன்றாவது, தேதிக்கு இரு பக்கமும் நிற்கும் லீவு. ஒருவர் ஜூன் 20 சனி, 22 திங்கள் லீவு எடுத்தார் என்றால் பழைய விதி, நடுவில் வரும் ஞாயிறோடு மூன்று நாள். இன்னொருவர் ஜூன் 15ஆம் தேதியே 27 சனிக்கும் 29 திங்களுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார், பழைய பழக்கத்தில் "3 நாள்" என்று போட்டிருக்கிறார். அவருக்கு இரண்டு நாள்தான் கழிக்க வேண்டும், ஏனென்றால் எழுதிக் கொடுத்த தேதி கணக்கில்லை, லீவு நாள் எந்தப் பக்கம் விழுகிறது என்பதுதான் கணக்கு. ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்த ஃபார்ம்களை எடுத்து நீங்களே திருத்திவிடுங்கள், அவர்கள் வந்து கேட்கட்டும் என்று விடாதீர்கள்.

ஐந்தாம் படி: ஒட்டிய பிறகு

வாட்ஸ்அப் குரூப்பில் படம் போட்டால் மட்டும் போதாது, அது இரண்டு நாளில் மேலே போய்விடும். ஒரு பக்கத் தாளில் அச்சடித்து, ஆளுக்கு ஒன்று கொடுத்து, இன்னொரு பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை 25இல் கணக்கு முடிந்ததும், சம்பளம் ஏறுவதற்கு முன், பிடித்தம் உள்ளவர்களுக்கு மட்டும் அவரவர் வந்த நேரம், நிமிடம், தொகை மூன்றையும் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து இரண்டு நாள் அவகாசம் விடுங்கள். விரல் வைக்க மறந்தது, மெஷின் ரேகையை எடுக்காதது எல்லாம் அந்த இரண்டு நாளில்தான் வெளியே வரும், சம்பளம் ஏறிய பிறகு திருத்துவதைவிட அப்போதே திருத்துவது பல மடங்கு சுலபம்.