ஸ்லைடுத் தலைப்பு ஒரு முழு வாக்கியமாக இருக்கட்டும்: வழக்கமாக நேரும் தவறுகள்

கூட்டத்துக்கு வராத ஒருவருக்கு உங்கள் ஸ்லைடுகளை அனுப்புகிறீர்கள். அவர் திறந்து பார்க்கிறார். "பதில் நேரம்: ஜனவரி – ஜூன்" என்று தலைப்பு. கீழே ஒரு கோடு ஏறி இறங்கும் வரைபடம். அதைப் பார்த்து அவர் என்ன முடிவுக்கு வர வேண்டும்? நேரில் வந்தவர்களுக்கு நீங்கள் வாயால் சொன்னீர்கள். இவருக்குச் சொல்ல யாரும் இல்லை.

அந்தத் தலைப்பு எதைப் பற்றிய ஸ்லைடு என்று மட்டும் சொல்கிறது. தலைப்பு சொல்ல வேண்டியது, அந்த ஸ்லைடு என்ன வாதிடுகிறது என்பதை. முழு வாக்கியமாக ஒரு கூற்றைத் தலைப்பில் வைத்து, அதற்கான ஆதாரத்தைக் கீழே காட்டுவதுதான் முறை. கேட்க எளிது. ஆனால் தலைப்பை மாற்ற உட்கார்ந்ததும் பெரும்பாலோர் ஒரே மாதிரியான இடங்களில் வழுக்குகிறார்கள். ஒரே ஸ்லைடை வைத்துப் பார்ப்போம்.

வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ஒரு குழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு புகார் வந்தபின் முதல் பதில் போக ஜனவரியில் சராசரியாக 11 மணி நேரம் ஆனது, ஜூனில் 6 மணி நேரம். மேலே சொன்ன வரைபடம் இதைத்தான் காட்டுகிறது.

முதல் முயற்சியில் பலர் எழுதுவது: "பதில் நேரத்தில் ஏற்பட்ட மாற்றங்களின் பகுப்பாய்வு". தலைப்பு நீண்டுவிட்டது, ஆனால் இதில் வினைமுற்று இல்லை. தமிழில் இந்தத் தவறு எளிதில் கண்ணில் படாது. குறைப்பு, மேம்பாடு, அதிகரித்தல் என்று வினையைப் பெயராக்கி எழுதுவது நம் அலுவலக நடையில் ஊறிப்போயிருக்கிறது. "பதில் நேரக் குறைப்பு" என்று படித்தால் ஏதோ சொல்லிவிட்டது போலவே தோன்றும். ஆனால் நேரம் குறைந்துவிட்டதா, குறைக்கப் போகிறோமா, குறைக்கச் சொல்லிக் கேட்கிறோமா? மூன்றுக்கும் அதே தலைப்பு பொருந்தும். குறைந்தது, குறைக்கிறோம், குறைக்க வேண்டும் என்று வினையை முடித்து எழுதினால்தான் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று தெரியும். 

அடுத்த முயற்சி: "பதில் நேரம் கணிசமாகக் குறைந்துள்ளது". வாக்கியம் வந்துவிட்டது, சரி. ஆனால் "கணிசமாக" என்ற சொல் அளவைச் சொல்லவில்லை. 11 மணி 10 ஆனாலும் ஒருவருக்குக் கணிசம்தான். கீழே உள்ள வரைபடத்தில் எண் இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. ஜனவரிப் புள்ளியையும் ஜூன் புள்ளியையும் தேடிப் பிடித்து ஒப்பிடும் வேலையை வாசகர் தலையில் ஏன் கட்ட வேண்டும்? "சராசரிப் பதில் நேரம் 11 மணி நேரத்திலிருந்து 6 ஆகக் குறைந்தது" என்றால் வேலை முடிந்தது.

முடிந்ததா? இந்தத் தலைப்பைப் படிப்பவர் உடனே கேட்பது, "எப்படிக் குறைந்தது?" என்பதுதான். வரைபடத்தில் தெரிவதை அப்படியே வாயால் சொல்வது ஒன்று, அதிலிருந்து நீங்கள் கண்டது இன்னொன்று. இந்த இடத்தில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. குழு தன் தரவைப் பிரித்துப் பார்க்கிறது. பகலில் வரும் புகார்களுக்கு ஆறு மாதமும் 4 மணி நேரம்தான் ஆகியிருக்கிறது, மாற்றமே இல்லை. இரவில் வரும் புகார்களுக்கு ஜனவரியில் 18 மணி நேரம், ஜூனில் 8. புகார்கள் இரண்டு வேளைக்கும் ஏறக்குறையச் சமமாக வருவதால் சராசரி 11 என்றும் 6 என்றும் வந்திருக்கிறது. மார்ச்சில் இரவுப் பணிக்கு இருவரைப் போட்டிருக்கிறார்கள். ஆக, சராசரி என்ற ஒற்றைக் கோடு மறைத்து வைத்திருந்த செய்தி இதுதான்:

"இரவுப் பணிக்கு இருவரைப் போட்ட பின், இரவுப் புகாருக்குப் பதில் தரும் நேரம் 18 மணியிலிருந்து 8 ஆகக் குறைந்தது."

தலைப்பு மாறியதும் பழைய வரைபடம் பொருந்தாமல் போகிறது. அதைக் கவனிக்காமல் தலைப்பை மட்டும் மாற்றிவிட்டுப் போவதும் பரவலான தவறு. இப்போது சராசரிக் கோடு வேண்டாம். பகலுக்கு ஒரு கோடு, இரவுக்கு ஒரு கோடு, மார்ச்சில் ஒரு குறி, இரவுக் கோட்டின் இரு முனைகளிலும் 18, 8 என்ற எண்கள். பழைய ஸ்லைடில் வரைபடத்தின் ஓரத்தில் புல்லட் வரிகள் இருந்திருந்தால், அவையும் பெரும்பாலும் தேவைப்படாது. தலைப்பில் உள்ளதையே அவை திரும்பச் சொல்லும், அல்லது வேறொரு ஸ்லைடுக்கான விஷயமாக இருக்கும்.

எனக்கு மிகவும் கவலை தருவது இனி வருவது. தலைப்பைக் கூர்மையாக்கும் வேகத்தில் ஆதாரத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். "இருவரைப் போட்டதால் குறைந்தது" என்று எழுதினால் அது காரணம் சொல்லும் கூற்று. அதே மார்ச்சில் புகார் பதிவு மென்பொருளையும் மாற்றியிருந்தால்? நல்லவேளையாக இங்கே பகல் கோடு உதவுகிறது. மென்பொருள் இரு வேளைக்கும் பொது. அது காரணமாக இருந்தால் பகல் நேரமும் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் பகல் கோடு அசையவில்லை. பகல் கோடு இல்லாத ஸ்லைடில் "பின்" என்பதோடு நிற்பதே நேர்மை. "பின்", "போது", "ஆல்" ஆகிய மூன்றும் வெவ்வேறு அளவு ஆதாரம் கேட்கும் சொற்கள். பெரிய எழுத்தில் நிற்கும் தலைப்பை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்வார்கள், நீங்கள் வாயால் சொன்ன திருத்தத்தை யாரும் நினைவில் வைக்க மாட்டார்கள்.

நீளத்துக்கு வருவோம். இரண்டு வரிக்குள் நிறுத்துங்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால், இடையில் எச்சங்களை அடுக்கினால் கூற்று என்னவென்று தெரிவதற்குள் மூச்சு வாங்கிவிடும். ஒரு வினையெச்சம், ஒரு வினைமுற்று போதும். "மேலும்" என்ற சொல் தலைப்பில் நுழைந்தால் அநேகமாக அங்கே இரண்டு கூற்றுகள் இருக்கின்றன, இரண்டு ஸ்லைடாகப் பிரியுங்கள். பல டெம்ப்ளேட்டுகளில் தலைப்பு எழுத்து 40 புள்ளிக்கு மேல் இருக்கும். அது ஓரிரு சொல் தலைப்புக்கு ஏற்றது. 28 புள்ளி அளவுக்குக் குறைத்து, நடுவில் வைக்காமல் இடப்பக்கம் ஒட்டி வையுங்கள். முதல் வரி நிரம்பி "குறைந்தது" மட்டும் இரண்டாம் வரியில் தனியாக விழுந்தால், பொருள் பிரியும் இடத்தில் வரியை நீங்களே உடைக்கலாம்.

எல்லா ஸ்லைடுக்கும் இது வேண்டியதில்லை. முகப்பு, பகுதிப் பிரிப்பு, பின்னிணைப்பில் உள்ள அட்டவணைகள் ஆகியவற்றுக்குப் பெயர் போதும். ஆனால் வாதத்தின் நடுவில் இருக்கும் ஒரு ஸ்லைடுக்கு எவ்வளவு முயன்றும் வாக்கியம் வரவில்லையென்றால், எழுத்துத் திறனில் குறை தேடாதீர்கள். அங்கே சொல்ல எதுவும் இல்லாமல் இருக்கலாம், அல்லது தரவை இன்னும் பிரித்துப் பார்க்காமல் இருக்கலாம்.

எல்லாம் எழுதியபின் பவர்பாயிண்ட்டில் `View` போய் `Outline View` திறங்கள். தலைப்புகள் மட்டும் வரிசையாகத் தெரியும்படி மற்றதைச் சுருக்கிவிட்டு, மேலிருந்து கீழே ஒரு பத்தி போலப் படியுங்கள். தலைப்புக்கான பெட்டியில் எழுதாமல் தனி எழுத்துப்பெட்டி வரைந்து எழுதியவை இங்கே வராது, அவற்றை உரிய பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம், விஷயம் தெரியாத ஒருவரிடம் அந்த வரிகளை மட்டும் கொடுத்து, என்ன புரிந்தது என்று கேளுங்கள். அவர் எந்த இடத்தில் "இது எதுக்கு?" என்று நிற்கிறாரோ, அந்தத் தலைப்பைத் திரும்ப எழுத வேண்டும்.